நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் வேக்குவம் பம்பு பயன்படுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 58, மும்பை செம்பூரில் இருக்கிறேன். சர்க்கரை 14 வருடமாக உண்டு. போன வருடம் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், தினமும் ஒரு நைட்ரேட் மாத்திரை எடுக்கிறேன். விறைப்பு சரியாக வருவதில்லை. ஹார்ட் டாக்டர் வயாகரா வகை எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆன்லைனில் பம்பும் வளையமும் விற்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது? என்னைப் போன்றவர் பயன்படுத்தலாமா? ரத்தக் குழாய் ஏதாவது வெடித்துவிடுமோ என்று மனைவி பயப்படுகிறார்.

பதில்:

பயன்படுத்தலாம். சொல்லப்போனால் உங்களைப் போல நைட்ரேட் எடுப்பவர்களுக்கு நாங்கள் முதலில் யோசிப்பதே இதைத்தான். மருந்து எதுவும் உடம்புக்குள் போவதில்லை என்பதால் நைட்ரேட்டோடு மோத எதுவும் இல்லை. குழாய் வெடிக்காது என்று உங்கள் மனைவியிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஸ்டென்ட், சர்க்கரை, ரத்தம் கட்டாமல் இருக்க எடுக்கும் இரண்டு மாத்திரைகள் மூன்றும் சேர்ந்திருப்பதால், மற்றவர்கள் அலட்சியமாக விட்டாலும் தப்பித்துக்கொள்ளும் சில விஷயங்களை நீங்கள் விடக்கூடாது. நான் யூராலஜி டாக்டர். இதே நிலையில் உள்ளவர்களுக்கு நேரில் உட்கார்ந்து சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நைட்ரேட் விஷயம். நைட்ரேட் ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மாத்திரைகள் அதே வழியில் அந்தத் தளர்ச்சியை இன்னும் கூட்டுகின்றன. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் திடீரென்று சரிந்து ஆள் விழலாம், உயிரே போகலாம். உங்கள் ஹார்ட் டாக்டர் சொன்னதில் பேரத்துக்கு இடமில்லை. பம்பு வாங்கிய பிறகு ‘கூடவே பாதி மாத்திரை போட்டால் என்ன’ என்று யோசிக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். லோக்கல் ரயில் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ‘ஆண்மைக் குறைவா?’ நோட்டீஸ் மருந்துகளும் இதில் சேர்த்திதான். மூலிகை என்று விற்கப்படும் இந்த வகைக் கேப்ஸ்யூல்களில் சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. நைட்ரேட் எடுப்பவருக்கு அது பெரிய ஆபத்து.

இனி கருவி. மூன்று பாகங்கள்: ஒரு பக்கம் திறந்த பிளாஸ்டிக் குழல், அதிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பு, குழலின் வாயில் ஏற்றி வைக்கும் ஒரு வளையம். பம்பு கையால் அழுத்துவதாகவோ பேட்டரியில் ஓடுவதாகவோ இருக்கும். யோசனை புதிதல்ல. 1917-லேயே அமெரிக்காவில் இதற்கு ஒரு காப்புரிமை கொடுக்கப்பட்டது. பிறகு ஜார்ஜியா மாநிலத்தில் டயர் தொழில் செய்துவந்த கெட்டிங்ஸ் ஆஸ்பன் தன் சொந்தத் தேவைக்காகவே ஒன்றைச் செய்து, வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்து, 1982-ல் அமெரிக்க அரசின் அனுமதி வாங்கி விற்கத் தொடங்கினார். இன்று டாக்டர்கள் எழுதித் தரும் கருவிகள் ஏறக்குறைய அதே அமைப்புதான்.

இயல்பாக விறைப்பு வரும்போது மூளையிலிருந்தும் தொடு உணர்விலிருந்தும் வரும் நரம்புச் செய்தி, உறுப்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற திசுவைத் தளரச் செய்கிறது. தமனிகள் திறந்து ரத்தம் உள்ளே பாய்கிறது. நிரம்பி விரிந்த திசு, வெளியே போகும் சிரைகளை உறைக்குள்ளேயே நசுக்கி மூடுகிறது. ரத்தம் வந்துகொண்டும் இருக்கிறது, தேங்கியும் நிற்கிறது. சர்க்கரை 14 வருடம் இருக்கும்போது நரம்பும் குழாயும் இரண்டுமே பழுதாகத் தொடங்கியிருக்கும். இதயத்துக்குப் போகும் குழாயே அடைத்திருந்தால், அதைவிட மெல்லிய உறுப்புத் தமனிகள் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

பம்பு இந்த நரம்புச் செய்தியையெல்லாம் கேட்பதில்லை. குழலுக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்தால் ரத்தம் எந்த வழியாக வர முடியுமோ அந்த வழியாக உள்ளே வந்து நிரம்புகிறது, தமனி வழியாகவும் சிரை வழியாகவும். இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கருவியால் வந்த விறைப்பில் உள்ள ரத்தத்தில் தமனி ரத்தம் ஐந்தில் மூன்று பங்கு, சிரை ரத்தம் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு இருந்தது. அதனால்தான் உறுப்பு சற்று நீலம் பாரித்துத் தெரிகிறது, தோலில் சிரைகள் புடைக்கின்றன, தொட்டால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது. முதல் தடவை இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. பயப்பட வேண்டாம், கருவியின் இயல்பே அதுதான்.

குழலை எடுத்த உடனே ரத்தம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் வளையம். விறைப்பு வந்ததும் குழல் வாயில் இருக்கும் வளையத்தை அடிப்பாகத்துக்குத் தள்ளிவிடுகிறோம். அது சிரைகளை அழுத்தி ரத்தம் வெளியேறாமல் பிடித்துக்கொள்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: விறைப்பு வளையத்துக்கு வெளியே இருக்கும் பகுதியில் மட்டும்தான். உடம்புக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பகுதி தளர்ந்தே இருக்கும். அதனால் அடியில் கீல் வைத்த மாதிரி கொஞ்சம் ஆடும், கையால் பிடித்து வழிகாட்ட வேண்டியிருக்கும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. தெரியாமல் வாங்கியவர் ‘எனக்கு வேலை செய்யவில்லை’ என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்.

வளையம் போட்ட நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சிரையை மூடும் வளையம் தமனியையும் ஓரளவு நெரிக்கிறது. உள்ளே தேங்கிய ரத்தத்தில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு, புதிதாக வருவதும் குறைவு. திசு இருப்பதைச் செலவழிக்கத் தொடங்குகிறது. அதனால்தான் 30 நிமிடம் என்ற எல்லை. கருவியோடு வரும் தாளில் எல்லா நல்ல கம்பெனிகளும் இதையே அச்சிட்டிருப்பார்கள். 30 நிமிடத்துக்குள் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பின் மறுபடி போடுவதற்கு முன்னால் குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மருத்துவ இதழ்களில் இந்தக் கருவியால் தோல் அழுகிப்போனது, உறுப்பே கருகிப்போனது என்று சில நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. எண்ணிக்கை மிகக் குறைவு. அவற்றைப் படித்தால் பெரும்பாலும் இதுதான்: வளையத்தோடு நெடுநேரம் விட்டிருப்பார்கள், அல்லது அங்கே உணர்வு இல்லாதவராக இருப்பார். எனக்குப் பம்பைவிட வளையத்தின் மேல்தான் எப்போதும் கண்.

இங்கேதான் உங்கள் சர்க்கரை வருகிறது. சாதாரண ஆளுக்கு வளையம் இறுகினால் வலிக்கும், மரத்துப் போகும், கழற்றிவிடுவார். நீண்ட நாள் சர்க்கரையில் பாதம் மரத்துப் போவது போலவே அங்கேயும் உணர்வு மங்கியிருக்கலாம். வலி வரவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று உங்கள் விஷயத்தில் கணக்குப் போட முடியாது. கருவி வாங்குவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பஞ்சால் உறுப்பைப் பல இடங்களில் தொட்டுப் பாருங்கள். மனைவி தொட்டால் இன்னும் நல்லது, நீங்களே தொட்டால் கை சொல்லிக்கொடுத்துவிடும். தொட்ட இடம் தெளிவாகத் தெரிகிறதென்றால் பிரச்சினை இல்லை. அங்கங்கே தெரியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டாமல் வளையத்தைப் போடாதீர்கள். உணர்வு நன்றாக இருந்தாலும் உங்கள் அளவுகோல் வலியல்ல, மொபைல் அலாரம். நான் சர்க்கரைக்காரர்களுக்கு 25 நிமிடத்தில் அலாரம் வைக்கச் சொல்கிறேன், கழற்ற ஐந்து நிமிடம் கையில் இருக்கட்டும் என்று.

அடுத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும். இவை இருக்கும்போது சின்னச் சின்ன ரத்தக் கசிவு அதிகம். காற்றை வேகமாக உறிஞ்சினால் தோலுக்கடியில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் வரும், சில சமயம் நீலமாகக் கன்றிப்போகும். வலிக்காது, சில நாளில் தானாக மறைந்துவிடும். எல்லோருக்குமே வரக்கூடியதுதான், உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். இந்த இரண்டு மாத்திரையோடு கவனமாகப் பயன்படுத்தலாம். ஆனால் கன்றிப்போகிறதே என்று குளோபிடோக்ரெல்லை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடத்துக்குள் அதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். புள்ளிகள் மறையும்வரை கருவியைத்தான் நிறுத்த வேண்டும். இதுவே வார்ஃபரின் எடுப்பவர் என்றால் நான் பதிலை இப்படிச் சுலபமாக எழுதமாட்டேன். அவருக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எவ்வளவு என்று பார்த்து, முதல் முறை நேரில் செய்து காட்டித்தான் அனுப்புவேன்.

இதயத்தைப் பற்றிய கேள்வி கருவியைச் சேர்ந்ததல்ல, உறவைச் சேர்ந்தது. பம்பு இதயத்துக்கு எந்தச் சுமையும் தராது. உடலுறவு தரும். இரண்டு மாடிப் படியை நிற்காமல், நெஞ்சு வலியோ பெரிய மூச்சுவாங்கலோ இல்லாமல் ஏற முடிகிறதா என்பது டாக்டர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. செம்பூர் ஸ்டேஷன் நடை மேம்பாலம் ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடிக்கிறீர்களா? அப்படியென்றால் முதலில் ஹார்ட் டாக்டரிடம் போங்கள், டிரெட்மில் பார்க்கட்டும். சும்மா ஏறிப் போகிறீர்கள் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம்.

எப்படிச் செய்வது என்பதை என்னிடம் வந்த ஒருவரை வைத்துச் சொல்கிறேன். முலுண்டில் இருக்கிறார், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், 61 வயது. பைபாஸ் ஆனவர், நைட்ரேட் உண்டு, சர்க்கரையும் உண்டு. இரண்டு அறை வீடு, பக்கத்து அறையில் மகனும் மருமகளும். அவருடைய முதல் கேள்வியே ‘டாக்டர், சத்தம் கேட்குமா?’ என்பதுதான். நியாயமான கேள்வி. பேட்டரி பம்பு உர்ரென்று சத்தம் போடும். கைப் பம்பில் கடைசியில் காற்றைத் திறந்துவிடும்போது மட்டும் ஒரு சின்ன ‘உஸ்’. விரலில் வாதமோ நடுக்கமோ இல்லாதவருக்குக் கைப் பம்பே போதும், வேகமும் நம் கையில் இருக்கும். அவர் கைப் பம்பு வாங்கினார்.

முதல் வாரம் அவரை வளையத்தைத் தொடவே விடவில்லை. தினமும் ஒரு தடவை, தனியாக, அவசரமில்லாத நேரத்தில் பம்பு மட்டும். அடிப்பாகத்து முடியைக் கத்தரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு தோலோடு ஒட்டாமல் காற்று கசியும், வளையத்திலும் சிக்கும். குழலின் விளிம்பிலும் உறுப்பிலும் தண்ணீரில் கரையும் ஜெல்லைத் தாராளமாகத் தடவ வேண்டும். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் தடவும் வகை. தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம், ரப்பரைக் கெடுத்துவிடும். பிறகு குழலை அடிவயிற்று எலும்போடு ஒட்டி அழுத்திப் பிடித்து, இரண்டு மூன்று அழுத்து அழுத்திவிட்டு நிறுத்த வேண்டும். சில நொடி பொறுத்து மறுபடி இரண்டு மூன்று. ஒன்றிரண்டு நிமிடம் ஆனதும் காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டு, மறுபடி மெதுவாக மூன்று நான்கு நிமிடம். இப்படி இரண்டு தவணையாகச் செய்தால் விறைப்பு நன்றாக நிற்கிறது, தோலும் பழகுகிறது. வலித்தால் அங்கேயே நிறுத்திக் காற்றைத் திறந்துவிட வேண்டும்.

அவர் நான் சொன்னதை இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் சீக்கிரம் வரட்டுமே என்று படபடவென்று அடித்திருக்கிறார். நுனிப்பக்கம் சிவப்புப் புள்ளிகள், ஒரு பக்கம் விதைப்பைத் தோல் குழலுக்குள் இழுபட்டு நல்ல வலி. மறுநாளே போன். புள்ளிகள் மறையும்வரை ஓய்வு கொடுக்கச் சொன்னேன். விதைப்பை இழுபட்டதற்குக் காரணம் குழல் வாய் அவருக்குப் பெரிதாக இருந்தது. கருவியோடு சிறிய வாய்க்கு ஒரு உள்வளையம் கொடுத்திருந்தார்கள், அவர் அதைப் பெட்டியிலேயே விட்டிருந்தார். அதைப் போட்டதும், உட்கார்ந்து செய்வதற்குப் பதில் நின்று, இன்னொரு கையால் விதைப்பையைக் கீழே தள்ளிப் பிடித்துச் செய்ததும் பிரச்சினை தீர்ந்தது.

பிறகு வளையம். பெட்டியில் பல அளவில் வளையம் இருக்கும். இருப்பதில் பெரியதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். குழலின் மேல் வளையத்தை முதலிலேயே ஏற்றி வைத்துக்கொண்டு, விறைப்பு வந்ததும் அதை அடிப்பாகத்துக்குத் தள்ளி, காற்றைத் திறந்துவிட்டு, அதன் பின்தான் குழலை எடுக்க வேண்டும். காற்றைத் திறக்காமல் குழலைப் பிடுங்குவது பலரும் செய்வது, வலிக்கும். பெரிய வளையத்தில் அவருக்குச் சில நிமிடத்திலேயே விறைப்பு தளர்ந்துவிட்டது. அடுத்த சின்ன அளவுக்கு மாறினோம். அதில் நின்றது, கழற்றியதும் நிறம் உடனே திரும்பியது, கோடு மட்டும் விழுந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தது. அதுவே அவருக்குச் சரியான அளவு. இன்னும் சின்னதைப் போட்டால் இன்னும் கெட்டியாக நிற்குமே என்று கேட்டார். நிற்கும், ஆனால் விறைப்பை நிறுத்தி வைக்கப் போதுமான தளர்வான வளையமே சரியான வளையம். அதற்குமேல் இறுக்குவது தமனியைத்தான் நெரிக்கும். வளையத்தின் இரு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் பிடிகளை இரண்டு கையாலும் வெளிப்பக்கம் இழுத்தால் அகலமாகிக் கழன்று வரும். இந்தக் கழற்றும் வேலையை இருட்டில், கண்ணாடி இல்லாமல் செய்து பழகச் சொன்னேன்.

விந்து வெளிவருவதில் ஒரு மாற்றம் இருக்கும். வளையம் சிறுநீர்க் குழாயையும் அழுத்துவதால் உச்சம் வந்தாலும் விந்து உள்ளேயே நின்று, வளையத்தைக் கழற்றிய பிறகு மெதுவாக வழியும். சிலருக்கு அப்போது ஒரு இறுக்கமான வலி தோன்றும். கெடுதல் ஒன்றும் இல்லை. உங்கள் வயதில் இது பொருட்டல்ல என்றாலும், இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இதைக் கருத்தடையாக நம்பக்கூடாது.

முன்தோல் இருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். உறிஞ்சும்போது தோலில் கொஞ்சம் நீர் கோத்து வீங்கும். முன்தோல் பின்னால் போய் வீங்கி அங்கேயே மாட்டிக்கொண்டால் முன்னால் இழுக்க வராது. வளையம் கழற்றிய கையோடு முன்தோல் பழைய இடத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். வரவில்லை, நுனி வீங்கி வலிக்கிறது என்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம், கேஷுவால்டிக்குப் போங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு முன்தோலில் வெடிப்பும் பூஞ்சைப் புண்ணும் அடிக்கடி வரும். புண் ஆறும்வரை பம்பு வேண்டாம்.

முலுண்டுக்காரருக்கு எல்லாம் சேர்ந்து பழக ஒரு மாதத்துக்குப் பக்கமாக ஆனது. இது சாதாரணம்தான். முதல் ராத்திரியே மனைவியை அருகில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்து ஆரம்பிப்பவர்கள்தான் பெரும்பாலும் கைவிடுகிறார்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? ஆன்லைனில் நீங்கள் பார்த்தவை இரண்டு ஜாதி. ஒன்று மருத்துவக் கருவி. இன்னொன்று ‘அளவை நிரந்தரமாகப் பெரிதாக்கும்’ என்று விற்பது. நிரந்தரமாகப் பெரிதாக்கும் பம்பு எதுவும் இல்லை. நீர் கோத்த வீக்கத்தைப் பார்த்துப் பெரிதாகிவிட்டது என்று நம்புகிறார்கள், அது வடிந்துவிடும். பெயரைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். உறிஞ்சும் அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். ஒரே விரலால் காற்றைத் திறந்துவிடும் பொத்தான் இருக்க வேண்டும். வளையத்தில் இழுத்துக் கழற்றும் காதுகள் இருக்க வேண்டும். அமெரிக்க விதிகளின்படி உறிஞ்சும் அளவின் மேல் எல்லை 17 அங்குலப் பாதரசம், அதாவது சுமார் 430 மில்லிமீட்டர். நடைமுறையில் 100-லிருந்து 225-க்குள்ளேயே விறைப்பு வந்துவிடுகிறது. பிரஷர் பார்க்கும்போது 120, 80 என்கிறோமே, அதே அலகுதான். இந்த ஏற்பாடுகள் இல்லாத பம்பை இலவசமாகக் கொடுத்தாலும் ரத்தம் கட்டாத மாத்திரை எடுப்பவர் தொடக்கூடாது.

வளையத்துக்குப் பதில் வேறு எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். இரும்பு வளையம், சாவி வளையம், ரப்பர் பேண்டு, நூல் எதுவும் வேண்டாம். இரும்பு வளையத்தைக் கழற்றுவது கைக்கு எட்டாது. உறுப்பு வீங்கியதும் அது ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. ராத்திரியில் கட்டர் தேடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கும். வளையம் போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது. ஆகவே மது அருந்திய நாளில் கருவியை எடுக்காதீர்கள். தூக்க மாத்திரை போட்ட பிறகும் அதேதான்.

யார் தொடவே கூடாது? ஹீமோஃபிலியா போன்ற ரத்தக் கசிவு நோய் உள்ளவர்கள். விறைப்பு தானாக வந்து மணிக்கணக்கில் இறங்காமல் நின்ற அனுபவம் உள்ளவர்கள். அப்படி நிற்க வைக்கக்கூடிய ரத்த நோய்கள், அதாவது சிக்கில் செல், ரத்தப் புற்று, மைலோமா உள்ளவர்கள். சிக்கில் செல் என்றால் ஏதோ ஆப்பிரிக்க நோய் என்று நினைத்துவிட வேண்டாம், மகாராஷ்டிரப் பழங்குடிகளிடமும் நம் நீலகிரிப் பழங்குடிகளிடமும் உண்டு. உறுப்பு நன்றாக வளைந்து, உள்ளே தழும்பு கட்டியவர்கள் முதலில் காட்ட வேண்டும், நேர்க் குழலுக்குள் வளைந்த உறுப்பு போகாது, போனாலும் காயப்படும். முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்கள் தாங்களாகத் தொடங்கக்கூடாது. பயன்படுத்துகிற சிலரும் டாக்டர் மேற்பார்வையிலும் துணைவி நேரம் பார்த்துக் கழற்றும் ஏற்பாட்டோடும்தான் செய்கிறார்கள். புராஸ்டேட் புற்றுக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு வளையம் இல்லாமல் பம்பு மட்டும் தினமும் செய்யச் சொல்வது வழக்கம். அது எப்போது ஆரம்பிப்பது என்பதை ஆபரேஷன் செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

மேலே சொன்னதில் எதுவும் உங்கள் கேள்வியில் இல்லை. அதனால்தான் பயன்படுத்தலாம் என்றேன். வாங்குவதற்கு முன் ஒரு வேலை மட்டும்: காலை நேரத்து டெஸ்டோஸ்டிரோனும் மூன்று மாத சர்க்கரை அளவும் பார்த்துவிடுங்கள். ஆசையே குறைந்திருந்தால் பம்பு அதைத் தராது. பிரஷர் மாத்திரைகளில் சில விறைப்பைக் குறைக்கும், உங்கள் சீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் மாற்ற முடியுமா என்று ஹார்ட் டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மனைவிக்கு இன்னொன்று சொல்லுங்கள். அவர் பக்கத்தில் வரும் குறை பெரும்பாலும் இரண்டுதான்: குளிர்ச்சி, இடையில் நிறுத்திப் பம்பு அடிக்க வேண்டியிருப்பது. உறை போட்டுக்கொண்டால் குளிர்ச்சி அவ்வளவாகத் தெரியாது என்று சில தம்பதிகள் சொல்லியிருக்கிறார்கள். சிலர் ஜெல் குப்பியைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் நிறுத்தி வைக்கிறார்கள். இடைநிறுத்தத்துக்குச் சிலர் பம்பு அடிக்கும் வேலையையே மனைவியிடம் கொடுத்துவிடுகிறார்கள். பிடிக்காத மனைவியும் உண்டு. அப்படியென்றால் நீங்கள் அறைக்கு வெளியே தயாராகி வரலாம், வளையம் போட்ட நேரத்தை அங்கிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அலாரம் அடிக்கும்போது நீங்கள் கவனிக்காவிட்டாலும் அவர் கவனித்துக் கழற்றச் சொல்ல வேண்டும். அதனால் வளையத்தை எப்படிக் கழற்றுவது என்று அவருக்கும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். வளையத்தைக் கழற்றியும் விறைப்பு இறங்காமல் நான்கு மணி நேரம் நின்றாலோ, நுனி கறுத்துக் குளிர்ந்தே இருந்தாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. எப்போது நெஞ்சு வலி வந்து கேஷுவால்டிக்குப் போனாலும் என்னென்ன மாத்திரை எடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், பம்பு மட்டும்தான் பயன்படுத்தினீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அங்கே இருப்பவர் நைட்ரேட் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பது அந்தப் பதிலை வைத்துத்தான்.